அறுபது சதவீதம் மிச்சம் பிடிப்பது எப்படி

முதலில் நன்றாகப் பசிக்க வேண்டும். வயிறு நிறைந்தவர்கள் இந்தக் கலையில் தேறியதாகத் தெரியவில்லை. வயிறு நிறைந்திருந்தால் கணக்கு ஒழுங்காக வரும், கணக்கு ஒழுங்காக வந்தால் மிச்சம் பிடிக்க முடியாது. எனவே சனிக்கிழமை இரவு எட்டரை மணியைத் தேர்ந்தெடுங்கள். மதியம் வெறும் மோர்சாதம் சாப்பிட்டிருப்பது உத்தமம்.

ஊர் வேளச்சேரி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நீங்களும் அம்மாவும். தெரு திரும்பினால் ஒரு சின்ன பிரியாணிக் கடை, நடந்தால் பத்து நிமிடம். கடை வாசலில் தொங்கும் பலகையில் சிக்கன் பிரியாணி 220, சிக்கன் 65 ஒரு பிளேட் 140 என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். இரண்டும் சேர்த்து 360. பார்சல் கவருக்குத் தனியாகக் காசு இல்லை, கூடவே ஒரு வெங்காயப் பச்சடிப் பொட்டலமும், கேட்டால் இன்னொன்றும் தருவார்கள். இந்தப் பலகையை நீங்கள் பார்த்திருக்கக் கூடாது. பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். ஏனென்றால் ஆப்பைத் திறந்ததும் அதே பிரியாணி 260, அதே சிக்கன் 65 ஒரு பிளேட் 165 என்றிருக்கும்.

இந்த 65 ரூபாய்க்கு எந்தப் பெயரும் கிடையாது. (சிக்கன் 65-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பில்லில் வேறு எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு: பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம், வரி. பெயர் இருப்பதால்தான் மக்கள் அவற்றைத் திட்டுகிறார்கள். 15 ரூபாய் பிளாட்ஃபார்ம் கட்டணத்துக்குக் கொதிக்கிறவர்கள், பெயரே இல்லாத 65 ரூபாயை ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிவிடுகிறார்கள். கடைக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு ஆர்டரிலும் ஆப் நிறுவனம் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை அவருக்கு அனுப்புகிறது. அந்த ஓட்டையை அவர் விலைப்பட்டியலிலேயே அடைத்துக்கொள்கிறார். எல்லாக் கடையும் இப்படி ஏற்றுவதில்லை, ஒரே விலை வைத்திருப்பவர்களும் உண்டு. எந்தக் கடை எப்படி என்று அறிய ஒரே வழி, அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது பலகையை நிமிர்ந்து பார்ப்பதுதான். மிச்சம் பிடிக்க நினைப்பவர் குனிந்தே நடக்கவும்.

இப்போது கார்ட்டில் 425 ரூபாய் இருக்கிறது. திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை எழுந்து வரும்: இன்னும் 74 ரூபாய்க்குச் சேருங்கள், 60 சதவீதம் தள்ளுபடி பெறுங்கள். கொஞ்சம் சின்ன எழுத்தில், 120 ரூபாய் வரை. அதைவிடச் சின்ன எழுத்தில், குறைந்தபட்ச ஆர்டர் 499 ரூபாய்.

இந்த மூன்று எண்களையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். பார்த்தால் மனதில் ஒரு வகுத்தல் தானாக நடந்துவிடும். 60 சதவீதத்துக்கு 120 ரூபாய் என்றால், அந்த 60 உண்மையாக இருப்பது 200 ரூபாய் ஆர்டர் வரைக்கும்தான். 200-க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அதே 120. ஆனால் 499-க்குக் கீழே கூப்பனே செல்லாது. ஆக, 60 சதவீதம் உயிரோடு இருக்கும் இடத்தில் கூப்பனுக்கு அனுமதி இல்லை, கூப்பன் செல்லும் இடத்தில் 60 சதவீதம் இல்லை. சரியாக 499 ரூபாய்க்கு வாங்கினால் கிடைப்பது 24 சதவீதம். அதுதான் உச்சம். 800 ரூபாய்க்கு வாங்கினால் 15 சதவீதம். இந்தக் கூப்பனில் 60 சதவீதம் தள்ளுபடி பெற்றவர் இந்தப் பூமியில் ஒருவர்கூட இருக்க முடியாது. ஆடித் தள்ளுபடிப் பலகையில் பெரிதாக 50 என்று போட்டு, 'வரை' என்பதைத் துணியின் மடிப்புக்குள் ஒளித்து எழுதுவார்களே, அந்தத் திறமையின் அடுத்த தலைமுறை இது.

ஆனால் நீங்கள் வகுக்கப் போவதில்லை. நீங்கள் 74 ரூபாய்க்கு என்ன சேர்க்கலாம் என்று தேடப் போகிறீர்கள்.

இந்தத் தேடலுக்கு இருபது நிமிடம் ஒதுக்குவது மரபு. 74 ரூபாய்க்கு எந்தப் பொருளும் இருக்காது. 30 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். 40 ரூபாய்க்கு அவித்த முட்டை இருக்கும். இரண்டும் சேர்த்தால் 70, நான்கு ரூபாய் குறையும். பிறகு 90 ரூபாய்க்கு பிரெட் அல்வா கண்ணில் படும். கடையில் அது 60 ரூபாய், ஆனால் பலகையை நாம்தான் பார்க்கவில்லையே. உங்களுக்கு அல்வா பிடிக்காது, அம்மாவுக்குச் சர்க்கரை. இருந்தாலும் 515 ஆகிவிட்டது. பச்சைப் பட்டையில் காகிதத் துகள்கள் பறக்கும். கூப்பன் ஏறிவிட்டது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள், அல்லது கவனிக்காமல் இருந்திருப்பீர்கள், அதுவே நல்லது. அந்த 499 என்பது உணவின் விலையை மட்டும்தான் எண்ணுகிறது. பேக்கிங், டெலிவரி, வரி எல்லாம் சேர்த்து நீங்கள் ஏற்கெனவே 500-ஐத் தாண்டிக் கொடுக்கத் தயாராக இருந்தாலும், குறைந்தபட்ச ஆர்டர் கணக்கில் அது சேராது. தள்ளுபடியும் அப்படியே. உணவு விலையில்தான் கழியும், கட்டணங்களைத் தொடாது.

அடுத்த பாடம், கட்டணங்களைப் படிக்காமல் கடப்பது. ஆப் இதற்கு உதவியே செய்கிறது. பலவற்றில் ஜிஎஸ்டியையும் கடையின் பேக்கிங் சார்ஜையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி அல்லது வட்டத்துக்குள் ஒரு எழுத்து இருக்கும். அதைத் தொட்டால்தான் பிரிந்து காட்டும். தொடாதீர்கள். தொட்டுவிட்டால் நம் கதையில் வருவது இது:

பேக்கிங் சார்ஜ் பொருளுக்குப் பத்து ரூபாய். சில கடைகள் ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், சில கடைகள் பொருளுக்கு இவ்வளவு. இரண்டாவது வகையில், அல்வாவைச் சேர்த்தபோது அதன் டப்பாவுக்கும் பத்து ரூபாய் ஏறியிருக்கும். இந்தப் பணம் கடைக்குப் போகிறது, ஆப்புக்கு அல்ல. உணவோடு ஒட்டிய சேவையாகவே கருதப்படுவதால் பேக்கிங் மீதும் உணவுக்கான அதே 5 சதவீத வரி விழும்.

அந்த 5 சதவீதத்துக்கு ஒரு சின்னக் கதை உண்டு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத சிறு உணவகம் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை, வாசலில் விற்கும்போது வரி வாங்குவதும் இல்லை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக விற்கும் உணவுக்கு வரி கட்டும் பொறுப்பை அரசு ஆப் நிறுவனத்தின் தலையில் வைத்துவிட்டது. கடை பதிவு செய்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அதனால் நம் தெருக் கடையில் கையில் வாங்கினால் வரியில்லாத பிரியாணி, ஆப்பில் ஏறியதும் வரி கட்டும் குடிமகன் ஆகிவிடுகிறது.

பிளாட்ஃபார்ம் கட்டணம் 15 ரூபாய். இது எதற்கு என்று கேட்கக் கூடாது. டெலிவரிக்கு டெலிவரிக் கட்டணம் இருக்கிறது, உணவுக்கு விலை இருக்கிறது, கடையிடம் கமிஷன் இருக்கிறது. இது ஆப் என்ற ஒன்று இருப்பதற்கு. 2023 ஏப்ரலில் ஸ்விகி இதை ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜொமேட்டோவும். இரண்டு ரூபாயை யார் கணக்குப் பார்ப்பார்கள்? 2025 செப்டம்பரில் ஜொமேட்டோவில் அது 12 ஆகியிருந்தது. ஒருவர் ஒரு இட்லி ஆர்டர் செய்தாலும், இன்னொருவர் கிடா விருந்தே ஆர்டர் செய்தாலும் இந்தக் கட்டணம் ஒன்றுதான். இந்தச் சமத்துவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

டெலிவரிக் கட்டணம் 38. தூரம், மழை, கூட்டம் இவற்றைப் பொறுத்து ஏறும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆப் வழி உள்ளூர் டெலிவரிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உறுதியாகிவிட்டது. பிளாட்ஃபார்ம் கட்டணத்துக்கும் அதே 18. சில ஆப்கள் வரியைச் சேர்த்தே கட்டணத்தைக் காட்டும், சில தனியே காட்டும். ஆகவே ஒரு ஆப்பில் 12, இன்னொன்றில் 14 என்று பார்த்து எது மலிவு என்று முடிவு செய்வதும் இந்தக் கலையின் அங்கமே. 12-க்கு 18 சதவீதம் போட்டால் 14 ரூபாய் 16 காசு.

சரி, அம்புக்குறியைத் தொட்டுவிட்டீர்கள். இனி மூடி மறைத்துப் பயனில்லை. அல்வாவும் கூப்பனும் இல்லாத முதல் கார்ட்டை எடுத்துக்கொள்வோம். உணவு 425, பேக்கிங் 20, இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத வரி 22.25. டெலிவரியும் பிளாட்ஃபார்மும் 53, அதற்கு வரி 9.54. மொத்தம் 529 ரூபாய் 79 காசு. இதே உணவு கடை வாசலில் 360.

அல்வாவோடு, கூப்பனோடு: உணவு 515, அதில் 120 போக 395. பேக்கிங் 30. இந்த 425-க்கு வரி 21.25. கட்டணங்களும் அவற்றின் வரியும் முன்போலவே 62.54. மொத்தம் 508 ரூபாய் 79 காசு.

இரண்டுக்கும் வித்தியாசம் 21 ரூபாய். திரையில் பச்சை எழுத்தில் 'நீங்கள் 120 ரூபாய் சேமித்தீர்கள்' என்று வந்ததே, அது சுருங்கி இவ்வளவாயிற்று. நேர்மையாகச் சொன்னால் இது நஷ்டமில்லை. 21 ரூபாயும் மிச்சம், அல்வாவும் இலவசம். அல்வா தின்பவர் வீட்டில் இருந்தால் இது நல்ல வியாபாரமே. இல்லாத வீட்டில் அது ஞாயிறு காலை ஃபிரிட்ஜின் மேல்தட்டில் பெருமாள் மாதிரி வீற்றிருக்கும்.

சேர்க்கும் பொருள் எந்த விலை வரை போகலாம் என்று அறிய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: கூப்பனின் உச்சத் தொகையிலிருந்து அந்தப் பொருளின் பேக்கிங் சார்ஜைக் கழியுங்கள். 120-ல் 10 போனால் 110. அதற்குக் கீழே விலையுள்ள பொருளைச் சேர்த்தால் மொத்தத் தொகை முன்பைவிடக் குறையும். 110-ல் சமம். அதற்கு மேலே போனால், மிச்சம் பிடிக்கக் கூடுதலாகச் செலவு செய்கிறீர்கள். 180 ரூபாய்க்கு ஒரு பட்டர் சிக்கனைச் சேர்த்துக் கூப்பனைப் பிடித்தவர், இரண்டும் இல்லாமல் கட்டியிருக்கக்கூடியதைவிட 73 ரூபாய் 50 காசு கூடுதலாகக் கட்டுகிறார். திரை அவருக்கும் 120 சேமித்ததாகவே வாழ்த்துச் சொல்லும்.

இந்தக் குறுக்கு வழியில் வரி குறுக்கே வராததற்குக் காரணம், கடை தரும் தள்ளுபடி வரிக்கு முன்னாலேயே கழிவதுதான். எல்லாக் கூப்பனும் கடை தருவதில்லை. ஆப் தன் கைப்பணத்தில் தருவது உண்டு, வங்கி தன் கார்டுக்குத் தருவது உண்டு. அவற்றில் கழிவு வரிக்குப் பிறகு நடக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, பிரித்த பில்லில் உணவுக்கான ஜிஎஸ்டித் தொகையை 20-ஆல் பெருக்குங்கள். நம் கதையில் 21.25-ஐப் பெருக்கினால் 425 வரும். அது தள்ளுபடி போன உணவு விலையும் பேக்கிங்கும் சேர்ந்த தொகை. 545 வந்திருந்தால் முழு விலைக்கும் வரி போட்டுவிட்டுப் பிறகுதான் 120-ஐக் கழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறு ரூபாய் விஷயம்தான். ஆனால் சனிக்கிழமை இரவில் இதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு நிறைவு கிடைக்கும், அதன் விலை ஆறு ரூபாயைவிட அதிகம்.

பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் இன்னும் ஒரு படி இருக்கிறது. டிப்ஸ் என்று ஒரு பெட்டி, நன்கொடை என்று இன்னொரு பெட்டி. இவற்றில் ஏற்கெனவே ஒரு டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் போகவும். டிப்ஸ் கொண்டுவருபவருக்குப் போகிறது என்பதால் மனமறிந்து கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாடி ஏறி வருகிறவருக்குக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. நீங்கள் கேட்காமலேயே டிக் விழுந்திருந்தால்தான் வில்லங்கம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத் தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் கடைசி நேரத்தில் கூடையில் எதையாவது நுழைப்பது அதில் ஒன்று, அதற்கு 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்' என்று பெயர். விலையின் ஒரு பகுதியை ஆரம்பத்தில் மறைத்துக் கடைசியில் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது இன்னொன்று, 'டிரிப் பிரைசிங்'. டெலிவரிக் கட்டணமும் வரியும் இதில் மாட்டாதா என்று கேட்பீர்கள். வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொன்ன அவசியக் கட்டணங்கள் நுழைத்ததாகக் கருதப்படாது என்று அதே விதி விலக்கும் கொடுத்திருக்கிறது. அம்புக்குறிக்குள் சொன்னாலும் சொன்னதுதானா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குப் பசிக்கிறது.

பணம் கட்டியாயிற்று. இப்போது வீட்டுக்குள் ஒரு தேர்வு இருக்கிறது. அம்மா சமையலறையிலிருந்து கேட்பார்.

"எவ்வளவுடா ஆச்சு?"

"நூத்தி இருபது ரூபா மிச்சம்மா."

"மிச்சம் இருக்கட்டும், எவ்வளவு ஆச்சு?"

இந்த இடத்தில் அனுபவமில்லாதவர்கள் மொத்தத்தைச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் அம்மா, "அந்தக் கடையில வாங்கினா நானூறுகூட ஆகாதே, அதுக்கு அஞ்சு நிமிஷம் நடந்திருக்கலாமே" என்பார், பலகை உங்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். நடந்தால் பத்து நிமிடம் என்று நாம் எழுதியது அம்மாவுக்கு எப்போதும் ஐந்துதான். அதனால் பதில் இப்படி இருக்க வேண்டும்: "அல்வாவும் வருதும்மா." அவர் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பேச்சு மாறியாயிற்று.

இனி மேல்நிலைப் பாடம். இதுவரை உங்களை ஏமாற்றிக்கொள்ளவே கற்றுக்கொடுத்தேன், இது மட்டும் நிஜமாகவே வேலை செய்யும். எனவே மிகக் கவனமாகத் தவிர்க்க வேண்டியது.

வீட்டுக்கு இரண்டு விருந்தினர் வந்துவிட்டார்கள், நான்கு பிரியாணி வேண்டும் என்று வையுங்கள். நான்கு 260, உணவு விலை 1040. ஒரே ஆர்டராகப் போட்டால் கூப்பன் ஒரே ஒரு 120. மீதி 920, பேக்கிங் 40, வரி 48. கட்டணங்கள் 62.54. மொத்தம் 1070 ரூபாய் 54 காசு. பெரிய ஆர்டர், ஒரே டெலிவரி, சிக்கனம் என்று தோன்றும்.

இதையே இரண்டிரண்டாகப் பிரித்து, இரண்டு போனிலிருந்து போடுங்கள். ஒவ்வொன்றும் 520, கூப்பனுக்கு வேண்டிய 499-ஐச் சரியாகத் தாண்டிவிட்டது. 120 போக 400, பேக்கிங் 20, வரி 21, கட்டணங்கள் 62.54. ஓர் ஆர்டர் 503 ரூபாய் 54 காசு. இரண்டும் சேர்த்து 1007 ரூபாய் 8 காசு. 63 ரூபாய் 46 காசு மிச்சம், இந்த முறை பச்சை எழுத்தில் அல்ல, பாங்கிக் கணக்கில்.

எப்படி என்றால், ஆர்டருக்கு ஒருமுறை விழும் நிலையான கட்டணம், வரியோடு 62.54. ஆர்டருக்கு ஒருமுறை கிடைக்கும் கூப்பன், அது குறைக்கும் வரியோடு சேர்த்து 126. இரண்டாவது முதலாவதைவிடப் பெரியதாக இருக்கும் வரை, பிரித்துப் போடுவதே லாபம். மழை பெய்து டெலிவரி 38-லிருந்து 90-க்குத் தாவிவிட்டால் கட்டணம் வரியோடு 123.90 ஆகும், மிச்சம் 2 ரூபாய் 10 காசுக்குச் சுருங்கிவிடும். இன்னும் ஐந்து ரூபாய் ஏறினால் ஒரே ஆர்டர்தான் மலிவு. நான்கு பேரும் தனித்தனியே ஆளுக்கொரு பிரியாணி போட்டாலோ, 260-க்குக் கூப்பன் செல்லாது, கட்டணம் மட்டும் நான்கு தடவை. ஆபீஸில் மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஒரே கடையிலிருந்து ஆளுக்கொரு ஆர்டர் போடுகிறார்களே, அவர்கள் இந்த வித்தையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

கூப்பன் பெரும்பாலும் ஒரு கணக்குக்கு ஒருமுறை என்பதால்தான் இரண்டு போன். கேட் அருகே இரண்டு டெலிவரிப் பையன்கள் ஒரே கடைப் பையோடு, ஒரே வீட்டைத் தேடி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வைக்கு 63 ரூபாய் கட்டுமா என்பது அவரவர் தன்மானத்தைப் பொறுத்தது.

மாதச் சந்தா கட்டி டெலிவரியை இலவசமாக்கிக்கொள்வதும் ஒரு வழிதான். அதற்கும் ஒரு குறைந்தபட்ச ஆர்டர், ஒரு தூர எல்லை உண்டு. சந்தாப் பணத்தை டெலிவரிக் கட்டணத்தால் வகுத்துப் பார்த்து, மாதம் அத்தனை தடவை ஆர்டர் செய்வீர்களா என்று உங்களையே கேளுங்கள். செய்வீர்கள் என்று பதில் வந்தால், சந்தா கட்டியதால் செய்வீர்களா, பசித்ததால் செய்வீர்களா என்று வீட்டிலிருப்பவரைக் கேளுங்கள்.

கடைசியாக, பை வந்ததும் திறந்து பார்க்க வேண்டிய சடங்கு. பிரியாணி இருக்கும். சிக்கன் 65 இருக்கும். பச்சடி ஒரே பொட்டலம்தான் இருக்கும், இன்னொன்று கேட்க எதிரே யாரும் இல்லை. அல்வா இருக்காது.

உதவிப் பக்கத்தில் போட்டோவோடு புகார் கொடுத்தால் பணம் திரும்ப வரும். 90 ரூபாய் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தள்ளுபடியை எல்லாப் பொருளுக்கும் விகிதப்படி பங்கு போட்டுக் கழித்துத் தருவதே பல இடங்களில் நடைமுறை. 515-ல் அல்வாவின் பங்கு 90, அப்படியானால் 120-ல் அதன் பங்கு 20 ரூபாய் 97 காசு. போக மீதி 69 ரூபாய் 3 காசு, அதோடு அதற்கான வரி 3 ரூபாய் 45 காசு. டப்பாவின் பத்து ரூபாயைத் தனியாகக் கேட்க வேண்டும், இல்லாத அல்வாவுக்கு டப்பா எங்கே என்று. பணமாகவா, அடுத்த ஆர்டருக்கான கூப்பனாகவா என்று திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தால், இரண்டாவது பெரிதாகவும் பச்சையாகவும் இருக்கும். சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருப்பதை அழுத்துங்கள்.